டைல்ஸின் முதுகைப் படிக்கும் சாட்சி

மார்கழி பிறந்து நாலைந்து நாள். விடியற்காலை ஐந்தரை மணி. சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, நான்காவது மாடி. 'படார்' என்று ஒரு சத்தம். "ஏங்க, சிலிண்டர் கிலிண்டர் வெடிச்சிருச்சா?" என்று மனைவி எழுப்ப, கணவர் ஓடிவந்து ஹால் விளக்கைப் போடுகிறார். சமையலறையில் ஒன்றும் இல்லை. ஹாலின் நடுவில்தான் விஷயம். வழுவழுவென்று இருந்த தரை, சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் இடையே கூரை போட்டதுபோல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டைல்ஸ் 'கர்ர்ர்' என்று முனகி மெல்ல எழும்புகிறது. காலை வைக்கவே பயம்.

ஒன்பது மணிக்குள் நான்கு தீர்ப்புகள் வந்துவிட்டன. பில்டரின் சைட் இன்ஜினீயர் போனில் கேட்டார்: "சார், தண்ணி ஊத்திக் கழுவுறீங்களா? ஆசிட் போட்டீங்களா?" கூப்பிட்டு வந்த கொத்தனார், "டைல்ஸே சரக்கு சரியில்ல சார்" என்றார். டைல்ஸ் வாங்கிய கடையில் "போட்ட முறை சரியில்லை" என்றார்கள். வாட்ச்மேன் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. "போன பனிக்கும் பின் பிளாக்குல ஒரு வீட்ல இப்படித்தான் பொங்குச்சு."

டைல்ஸ் பொங்குவது இன்று நகரத்து வீடுகளில் அடிக்கடி பேசப்படும் தலைவலி. ஆனால் விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், நிபுணர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, பெயர்த்துப் பார்த்து எழுதும் அறிக்கை எப்படி இருக்கும், அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மேலே சொன்ன வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவதை ஒரே வீட்டில் வைத்து நாம் அமைத்துக்கொண்ட மாதிரி வழக்கு அது. டைல்ஸ் பொங்குவதற்கான காரணங்களும் கணக்கும் சட்டமும் அசல்.

கேட்டது ஐந்து, கேட்காதது ஒன்று

வீடு 2021 மார்ச்சில் கைக்கு வந்தது. தரை பொங்கியது 2024 டிசம்பரில். பில்டர் கைவிரித்ததும் வீட்டுக்காரர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். வீடு முழுக்கத் தரையை மாற்ற 4,80,000 ரூபாய், மன உளைச்சலுக்கு 2 லட்சம் ரூபாய். ஆணையம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, அவருடன் ஒரு கட்டடப் பொறியாளரையும் நிபுணராக அனுப்பியது.

அந்தப் பொறியாளரின் அறிக்கை 14 பக்கம். முதல் பக்கத்தில் தரையைப் பற்றி ஒரு வரி இல்லை. 'எனக்கு இடப்பட்ட பணி' என்ற தலைப்பில் ஐந்து கேள்விகள் மட்டும். எத்தனை டைல்ஸ் பிடிப்பு விட்டிருக்கிறது? எந்த இடத்தில் விட்டிருக்கிறது, டைல்ஸுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவிலா, அதற்குக் கீழேயா? காரணம் என்ன? குடியிருப்பவர்களின் பயன்பாடு அதற்குக் காரணமா? சரிசெய்ய என்ன வழி, என்ன செலவு?

இந்தப் பக்கத்தை வழக்குக்காரர்கள் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அறிக்கையின் எல்லைக்கல் நட்டிருப்பதே அங்கேதான். 'குற்றம் யாருடையது?' என்ற கேள்வி பட்டியலில் இல்லை. அதைச் சொல்வது ஆணையத்தின் வேலை. ஏன் பெயர்ந்தது என்பது பொறியாளரின் வேலை. இந்த இரண்டையும் குழப்பி "பில்டரே முழுப் பொறுப்பு" என்று நிபுணர் எழுதிவிட்டால், எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு அல்வா சாப்பிட்டதுபோல. மொத்த அறிக்கையையுமே ஒருதலைப்பட்சம் என்று தள்ளச் சொல்லிக் கேட்பார்.

அடுத்த பத்தியில் இன்னொரு அறிவிப்பு. கட்டணத்தை முன்பணமாகக் கட்டியது புகார்தாரர். ஆனாலும் 'என் கடமை ஆணையத்துக்கே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன்னிடம் என்னென்ன ஆவணங்கள் தரப்பட்டன என்ற பட்டியலும் இருக்கிறது: விற்பனை ஒப்பந்தம், வீட்டுக்காரர் செல்போனில் எடுத்த 22 படங்கள், பில்டரின் பதில் மனு. தரப்படாதவையும் இருக்கின்றன: டைல்ஸ் வாங்கிய பில், எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற பதிவு, போட்ட மேஸ்திரியின் வாக்குமூலம்.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

நிபுணரின் கருத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-வது பிரிவு. ஒரு மருத்துவ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தெளிவுபடுத்தியது இது: நிபுணர் நடந்ததைப் பார்த்த சாட்சி அல்ல; அவர் சொல்வது ஆலோசனை; எதை வைத்து, எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதைக் காட்ட வேண்டும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீடு கைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது பில்டரின் கடமை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

தட்டு, எண்ணு, குறி

ஆய்வு நடந்தது 2025 ஆகஸ்டில். இரண்டு தரப்புக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போயிருந்தது. வீட்டுக்காரரும் வந்திருந்தார், பில்டரின் இன்ஜினீயரும் வந்திருந்தார். எட்டு மாதமாக ஹால் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குறுக்கே போட்டு வேலி கட்டி, அதைச் சுற்றியே குடும்பம் நடமாடியிருக்கிறது.

பொறியாளர் முதலில் எடுத்தது பெரிய கருவி எதுவும் அல்ல. முனையில் இரும்புக் குண்டு வைத்த ஒரு கம்பியும், சாக்பீஸும். ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 11 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். 600 மில்லிமீட்டர் சதுர டைல்ஸ், ஓரத்து வெட்டுத் துண்டுகளையும் சேர்த்து 133. பொங்காத ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டினார். 'டிக்' என்று கெட்டியாகக் கேட்டால் விட்டுவிட்டார். 'டொப்' என்று கேட்டால் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. பிறகு அதை அப்படியே வரைபடத்தில் ஏற்றினார். பொங்கியவை 12. பொங்காமல் உள்ளே 'டொப்' என்றவை 71. கெட்டியாக இருந்தவை 50. ஆக ஹாலில் 62 சதவிகிதம் பிடிப்பு விட்டதாகத் தெரிந்தது.

மூன்று படுக்கையறைகளிலும் அதே டைல்ஸ், அதே சிமென்ட் படுகை. அறைக்கு 36 வீதம் 108. அவற்றில் 'டொப்' என்றவை 14 மட்டுமே. ஒன்றுகூடப் பொங்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கின் முடிச்சு அவிழ்வது அங்கேதான்.

தட்டிப் பார்ப்பதை ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க முதல் சோதனை அதுதான். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு, அதையும் அறிக்கை சொல்கிறது. 'டொப்' என்றால் கீழே காற்று இருக்கிறது என்று அர்த்தம். பிடிப்பு அறவே இல்லை என்று அர்த்தமல்ல. கீழே மின்குழாய் ஓடினாலும் சத்தம் மாறும். 'டிக்' என்று கேட்டாலும் பிடிப்பு பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சும்மா ஒட்டியபடி உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் அடுத்த படி.

முதுகில் இருந்த எழுத்து

பொங்கிய டைல்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டி, வெயில் விழும் பால்கனியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் பில்டரின் இன்ஜினீயர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதுகுகள் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். ஓரத்தில் அங்கங்கே சாம்பல் கறை, அவ்வளவுதான். விரலால் தேய்த்தால் வெள்ளையாக மெல்லிய பொடி.

அடுத்து, டைல்ஸ் இருந்த இடத்தில் படுகையைப் பார்த்தார் பொறியாளர். டைல்ஸின் முதுகில் சதுரம் சதுரமாகத் துருத்தி நிற்கும் கோடுகள் இருக்குமே, அவை சிமென்ட்டில் பள்ளமாக, அச்சுப்போட்டதுபோல் பதிந்திருந்தன. இட்லித் தட்டிலிருந்து இட்லி கழன்றதுபோல. இந்த அச்சு சின்ன விஷயமல்ல. போட்ட அன்று சிமென்ட் பால் ஈரமாகத்தான் இருந்தது, டைல்ஸ் அதில் நன்றாகவே உட்கார்ந்தது, மேஸ்திரி ரப்பர் சுத்தியால் தட்டியும் இருக்கிறார் என்பதற்கு அந்த அச்சே அத்தாட்சி. பால் முன்கூட்டியே காய்ந்திருந்தால் இப்படி அச்சு விழுந்திருக்காது. மேற்பரப்பு பொடியாகக் கிடந்திருக்கும். சிமென்ட்டும் டைல்ஸும் முழுக்கத் தொட்டன. பிடிக்கத்தான் இல்லை.

ஏன் பிடிக்கவில்லை? நம் ஊரில் காலங்காலமாகத் தரை போடும் முறை இது: தளத்தின் மேல் ஒன்றுக்கு ஆறு என்று கலந்த பாதி ஈரக் கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மேலே சிமென்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்துத் தட்டுவார்கள். மொசைக், பழைய செராமிக் போன்றவற்றின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சிமென்ட் பாலை அவை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பால் துளைக்குள்ளேயே கெட்டிப்பட்டு வேர் பிடித்தாற்போல் நிற்கும். இந்த வீட்டில் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் அப்படி அல்ல. சூளையில் கண்ணாடிபோல் இறுகியது. எடையில் அரை சதவிகிதம்கூடத் தண்ணீர் குடிக்காது. கறை பிடிக்காது என்று கடையில் பெருமையாகச் சொல்லும் அதே குணம்தான், கீழே சிமென்ட்டையும் பிடிக்கவிடுவதில்லை. போதாததற்கு, சூளையின் உருளைகளில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதுகில் பூசும் வெள்ளைப் பொடி. அதை ஈரத்துணியால் துடைக்காமல் போட்டால், மாவு தூவிய பலகையில் சப்பாத்தி வைத்த கதைதான்.

டைல்ஸ் பசை என்று மூட்டையில் வருகிறதே, அது இதற்காக வந்ததுதான். சிமென்ட்டோடு பாலிமர் கலந்தது. துளை இல்லாத முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே IS 15477 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. டைல்ஸ் மாறிவிட்டது, போடும் பழக்கம் மாறவில்லை. அறிக்கையில் பொறியாளர் இவ்வளவு நேராக எழுதவில்லை. இது நம் வாசகம்.

கெட்டியாக ஒலித்த டைல்ஸ்களையும் அவர் சும்மா விடவில்லை. ஐந்து இடங்களில், ஐந்து சென்டிமீட்டர் சதுர இரும்புக் கட்டியை எபாக்சியால் ஒட்டி, சுற்றிலும் ரம்பத்தால் படுகை வரை வெட்டி, இழுவைக் கருவியால் மேல் நோக்கி இழுத்துப் பார்த்தார். ஹாலில் மூன்று. அதில் ஒன்று வெட்டும்போதே கழன்றுவிட்டது. மற்ற இரண்டும் சுமார் 30 கிலோ, 48 கிலோ இழுப்பில் விட்டன. படுக்கையறையில் இரண்டும் 52, 70 கிலோவில் விட்டன. ஐந்துமே ஒரே இடத்தில்தான் பிரிந்தன: டைல்ஸின் முதுகுக்கும் சிமென்ட் பாலுக்கும் நடுவில். ஐரோப்பியத் தரத்தில் சாதாரணப் பசைக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச பிடிப்பை இதே அளவுக் கட்டிக்குக் கணக்கிட்டால் சுமார் 125 கிலோ வரும்.

இங்கே ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். அந்த 125 கிலோ, ஆய்வகத்தில் பசையைச் சோதிக்கும் அளவு. வீட்டில் போட்ட தரைக்கான பாஸ் மார்க் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே தந்திருப்பதாக எழுதியிருக்கிறார். அவரே இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், எதிர்தரப்பு சொல்லியிருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் செய்த கூத்து

பிடிப்பு இல்லை, சரி. ஆனால் பிடிப்பில்லாத டைல்ஸ் தன் பாட்டுக்கு அப்படியே கிடக்கலாமே? ஏன் வெடித்து எழ வேண்டும்? படுக்கையறையில் ஏன் எழவில்லை?

சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங்கை இரண்டு இடத்தில் கழற்றிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. தரை டைல்ஸ் சுவர்ப் பூச்சில் முட்டிக்கொண்டு நின்றது. இருந்த சிறு இடைவெளியிலும் கலவையைத் திணித்திருந்தார்கள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பல இடங்களில் விளிம்போடு விளிம்பு ஒட்டியே இருந்தது. 'ஜாயின்ட்டே தெரியாமல்' போட்டால்தான் அழகு என்று நாமே கேட்டு வாங்குவது இது.

கான்கிரீட் வார்த்த நாளிலிருந்து சில ஆண்டுகள் வரை மெல்ல மெல்லக் காய்ந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் சுருங்காது. கீழே உள்ள பாய் சுருங்குகிறது, மேலே உள்ள பலகை சுருங்கவில்லை. பலகை இரண்டு சுவருக்கும் நடுவில் நெரிபடுகிறது. டைல்ஸ் போட்ட பிறகான சுருக்கத்தைப் பத்தாயிரத்துக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், 11 மீட்டருக்கு 3.3 மில்லிமீட்டர். அறிக்கை எடுத்துக்கொண்ட கணக்கு இது. 3.6 மீட்டர் படுக்கையறைக்கு அதே கணக்கில் ஒரு மில்லிமீட்டர்தான் வரும்.

மூன்று மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். பள்ளிக்கூடத்து பிதாகரஸ் போதும். இரண்டு டைல்ஸ் முட்டிக்கொண்டு கூடாரமாக எழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 1,200 மில்லிமீட்டர். அவை இருக்கும் இடம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்து 1,199 ஆனால், நடு முகடு எவ்வளவு உயர வேண்டும்? ஏறக்குறைய 24.5 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நெருக்கம், இரண்டரை சென்டிமீட்டர் எழுச்சி! இந்த வீட்டில் முகட்டின் உயரம் 31 மில்லிமீட்டர் என்று அளந்திருந்தார்கள். அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்த முகட்டில் விடுபட்ட நெருக்கம் 1.6 மில்லிமீட்டர். 3.3-க்குள் அடங்குகிற எண்தான்.

இதற்குத்தான் சுவரோரத்தில் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைப்பதும், நீளமான ஹாலில் நடுவே ரப்பர்போல் அமுங்கும் ஒரு ஜாயின்ட் வைப்பதும். பிரிட்டிஷ் விதிமுறை அதை 8 முதல் 10 மீட்டருக்கு ஒன்று என்கிறது. அமெரிக்க வழிகாட்டி 7.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த 11 மீட்டரில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் மார்கழிக் குளிர்? டைல்ஸைவிடக் கான்கிரீட் குளிரில் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். ஐந்து டிகிரி குறைந்தால் 11 மீட்டருக்கு வித்தியாசம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நிரம்பிய குடத்தில் கடைசித் துளி அது. வாட்ச்மேன் பார்த்தது உண்மை. ஆனால் பனி காரணமல்ல, வேளை குறித்துக்கொடுத்தது மட்டும்தான்.

பெட்டிச் செய்தி: சிங்கப்பூரிலும் ஒரு குளிர்

2018 ஜனவரியில் சிங்கப்பூரில் தொடர்மழையால் வெப்பநிலை 21, 22 டிகிரிக்கு இறங்கியது. அந்த ஊருக்கு அது அபூர்வக் குளிர். அதையொட்டி அரசு வீடமைப்பு வாரியமான எச்.டி.பி. அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை டைல்ஸ் பொங்கியதாகப் புகார்கள் குவிந்தன. திடீர் வெப்பநிலை மாற்றம் ஒரு காரணம் என்று அங்கும் சொல்லப்பட்டது. குளிர் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத்தான் வந்தது. தரை எல்லா வீட்டிலும் பொங்கவில்லை.

எது நிச்சயம், எது அநேகம்

அறிக்கையின் நெஞ்சுப் பகுதி ஒன்றரைப் பக்கம்தான். ஒவ்வொரு கருத்துக்கும் எவ்வளவு உறுதி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

பிரிந்த இடம் டைல்ஸின் முதுகுதான் என்பது நிச்சயம், கண்ணால் கண்டது. பிடிப்பு பிறகு கெட்டுப்போகவில்லை, முதல் நாளிலிருந்தே உருவாகவில்லை என்பது பெரும்பாலும் உறுதி; முதுகில் ஒட்டிப் பிய்ந்த சிமென்ட் இல்லாததே ஆதாரம். பிடிப்பின்மை, அசைய இடமின்மை இரண்டும் சேர்ந்தே தரையை எழுப்பின என்பதும் பெரும்பாலும் உறுதி. இடைவெளி மட்டும் இருந்திருந்தால், டைல்ஸ் 'டொப்' என்று ஒலித்திருக்கும், எழுந்திருக்காது. படுக்கையறைகள் அதற்குச் சாட்சி. பிடிப்பு மட்டும் இருந்திருந்தால், நெருக்கத்தைத் தரை தாங்கியிருக்கலாம். 'லாம்' என்றுதான் எழுதியிருக்கிறார். 'கும்' என்று எழுதவில்லை.

குடியிருப்பவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவியது? காரணம் இல்லை என்பது பெரும்பாலும் உறுதி. கீழ் வீட்டுக் கூரையில் கசிவுக் கறை இல்லை, படுகை காய்ந்திருந்தது, ஜாயின்ட்டில் ஆசிட் அரித்த அடையாளம் இல்லை.

இதுவரை வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அடுத்த பத்தியில் இல்லை. வீடு முழுக்க மாற்றத் தேவை இருப்பதாக அறிக்கை சொல்லவில்லை. ஹாலை முழுக்கப் பெயர்த்து, படுகையைச் சீர்செய்து, பசை வைத்து, ஜாயின்ட் விட்டுப் போட வேண்டும். 44 சதுர மீட்டர், அதாவது 474 சதுர அடி, சதுர அடிக்கு 220 ரூபாய் என்று 1,04,280 ரூபாய். ஊசியால் எபாக்சி ஏற்றுவது ஹாலுக்கு உதவாது: குழி நிரம்பும், நெருக்கம் குறையாது. படுக்கையறைகளின் பிடிப்பும் பலவீனம்தான். ஆனால் குறுகிய அறைகளில் அது பொங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 14 டைல்ஸைக் குறித்துவைத்து, அடுத்த இரண்டு குளிர்காலம் கவனிக்கலாம் என்கிறார். 4,80,000 எங்கே, 1,04,280 எங்கே. வீட்டம்மா ஒரு வாரம் அந்தப் பொறியாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

'தெரியாது' என்று எழுதிய பக்கம்

பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பு 'ஆய்வின் வரம்புகள்'. நிபுணர் தன் காலைத் தானே வாரிக்கொள்ளும் பக்கம் என்று வழக்குக்காரர்கள் நினைப்பார்கள். அறிக்கையைக் காப்பாற்றியதே அதுதான்.

பொங்கியவை 12. ஆனால் அவர் புரட்டிப் பார்த்தவை 9 மட்டுமே. மூன்றை, சம்பவத்தன்று வந்த கொத்தனார் உடைத்துக் கோணிப்பையில் கட்டி எடுத்துப்போய்விட்டார். முதலில் எழுந்தவை அந்த மூன்றும்தான். ஆகவே எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது; செல்போன் படங்களில் மேல்பக்கம் மட்டுமே தெரிகிறது, முதுகு இல்லை.

கான்கிரீட்டின் சுருக்கத்தை அவர் அளக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து அளக்கவும் வழியில்லை. 3.3 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவை வைத்துப் போட்ட கணக்கு. படுகைக் கலவை உண்மையில் ஒன்றுக்கு ஆறா, எட்டா என்று ஆய்வகத்தில் பார்க்கவில்லை. பிரிவு அங்கே நடக்கவில்லை என்பதால் அது தேவைப்படவில்லை என்று காரணமும் சொல்லியிருக்கிறார். வெள்ளைப் பொடியையும் சோதிக்கவில்லை. துடைத்துப் போட்டார்களா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. சமையலறை, குளியலறைத் தரைகளைத் தொடவில்லை, கேள்வியில் அவை இல்லை. பார்த்தது ஆகஸ்ட் வெயிலில், ஒரே ஒரு நாள்.

எதிர்தரப்பு எழுத்தில் கொடுத்த கேள்விகளில் எட்டாவது இது: "தாங்கள் சுருக்கத்தை அளக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

பதில்: "ஆம். 12-ஆம் பக்கத்தில் நானே சொல்லியிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்டதில் பாதி சுருக்கமே நடந்திருந்தாலும் 1.6 மில்லிமீட்டர் வரும். முகட்டை அளந்து பெற்ற எண்ணும் அதுவே. என் கருத்து மாறாது."

ஒன்பதாவது கேள்வி: "டைல்ஸ் உற்பத்தியிலேயே குறை இருந்திருக்கலாம் அல்லவா?"

பதில்: "இருந்திருக்கலாம். அதே சரக்கில் பயன்படுத்தாத டைல்ஸ் எனக்குத் தரப்படவில்லை. நான் பார்த்த ஒன்பதிலும் வளைவோ வெடிப்போ இல்லை. அதற்கு மேல் என்னால் சொல்ல இயலாது."

தனக்குத் தெரிந்ததன் விளிம்பு வரை வந்து அங்கேயே நிற்கிற இந்தப் பதிலை, எதிர்தரப்பால் அதற்கு மேல் அசைக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் கவனத்துக்கு

இந்த அறிக்கையில் கை நழுவிப்போன ஒரே ஆதாரம் அந்த மூன்று டைல்ஸ். நழுவவிட்டது பில்டர் அல்ல, புகார்தாரர்தான், பதற்றத்தில். ஆகவே உங்கள் வீட்டில் தரை பொங்கினால், முதல் வேலையாகக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்தப் பக்கம் போகவிடாமல் தடுங்கள். தூக்கி நிற்கும் உயரத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தட்டிப் பார்த்து, 'டொப்' என்றவற்றில் சாக்பீஸால் குறி போட்டு, அதையும் படம் எடுங்கள். வீடு கைக்கு வந்த தேதியைக் குறிப்பிட்டுப் பில்டருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், வாட்ஸ்அப்போடு நிறுத்திவிடாதீர்கள்.

காலில் வெட்டும் அபாயம் இருந்து டைல்ஸை எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் எண் எழுதி, புரட்டி, முதுகையும் அது இருந்த இடத்தையும் படம் எடுங்கள். முதுகைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். கொத்தனார் கோணிப்பையோடு நின்றால், "இருக்கட்டும் தம்பி, நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.